பட்டாசுச் சத்தமும் நாயின் பயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெடிச் சத்தம் கேட்டால் எங்கள் நாய் நடுங்கிக்கொண்டு மடியில் ஏறுகிறது. தடவிக் கொடுத்தால் பயம் இன்னும் கூடிவிடும் என்கிறார்கள். உண்மையா?

இல்லை. தாராளமாகத் தடவிக் கொடுங்கள். நாய் நடுங்குவது நீங்கள் தடவ வேண்டும் என்பதற்காக அல்ல, அது பயந்திருப்பதால்தான். கை நீட்டினால் பிஸ்கட் கிடைக்கிறது என்றால் நாய் அடிக்கடி கை நீட்டும், சரி. அது அதன் செயல். பயம் ஓர் உணர்ச்சி. ஆறுதல் கிடைக்கிறதே என்று யாரும் அதிகமாகப் பயப்படுவதில்லை, நாயும் அப்படித்தான்.

ஆறுதல் தேடி வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டால், அந்த நேரத்தில் அதற்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பையும் நாம் பறித்துவிடுகிறோம். ஒரு விஷயத்தை மட்டும் பாருங்கள்: தடவுவது அதற்கு வேண்டியிருக்கிறதா? சில விநாடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். உடலைச் சாய்த்து இன்னும் நெருங்கினால் தொடருங்கள். விலகினாலோ தலையைத் திருப்பினாலோ பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள். கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டால் அங்கிருந்து இழுக்காதீர்கள். ஒளிவது அது தனக்காகத் தேடிக்கொண்ட வழி. பயந்த நாயை இழுத்தால் எவ்வளவு சாதுவான நாயும் கடிக்கலாம்.

எனக்கு நேரம் குறைவு. பயனுள்ள ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

வெடி வெடித்ததும் தீனி. ஒவ்வொரு வெடிக்கும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பலரும் இதைச் சற்றே மாற்றிச் செய்துவிட்டு, பலிக்கவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் வரிசை. சத்தம் முன்னால் வர வேண்டும், தீனி பின்னால். டமார் என்று கேட்ட ஓரிரு விநாடிக்குள் ஒரு துண்டு வாயருகே போக வேண்டும். இது சில தடவை நடந்தால் சத்தம் கேட்டதும் நாய் உங்கள் கையைப் பார்க்கத் தொடங்கும். நாம் தேடுவது அந்தப் பார்வையைத்தான். சத்தத்துக்கு அதன் மனதில் இப்போது வேறொரு பொருள் வந்திருக்கிறது. வரிசையை மாற்றி, தீனி கொடுத்தபின் வெடிச் சத்தம் வந்தால், தீனி கிடைத்தால் அடுத்து ஏதோ கெட்டது நடக்கும் என்று நாய் கற்றுக்கொள்ளலாம். சன்னலைத் திறப்பதற்குமுன் சமாதானமாக இருக்கட்டும் என்று தீனி கொடுப்பவர்கள் தெரியாமலேயே இதைத்தான் செய்கிறார்கள்.

அடுத்தது தீனி. தினமும் தட்டில் விழும் உலர் தீவனம் இதற்குப் போதாது. உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழி, சீஸ், வேகவைத்த முட்டை என்று எது உங்கள் நாயை ஓடிவர வைக்குமோ அது. பட்டாணி அளவுக்கு நறுக்கி ஒரு டப்பாவில் போட்டு இடுப்பிலோ பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். சமையலறைக்கு ஓடி எடுத்து வருவதற்குள் அந்த வெடிக்கும் தீனிக்கும் தொடர்பு அறுந்துவிடும். அன்று வழக்கமான சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டால் வயிறும் கெடாது, பசியும் கொஞ்சம் இருக்கும்.

மூன்றாவது, எந்த நிபந்தனையும் வேண்டாம். 'உட்கார்', 'கை கொடு' என்று எதுவும் கேட்காதீர்கள். குரைத்தாலும் தீனி, ஓடினாலும் தீனி. குரைப்புக்குப் பரிசு கொடுக்கிறோமோ என்ற கவலை வரும். அதை விட்டுவிடுங்கள். பயம் குறைந்தால் குரைப்பும் தானாகக் குறையும்.

தூரத்தில் கேட்கும் சின்னச் சத்தத்துக்கும் கொடுங்கள். நாய் பொருட்படுத்தாத சத்தத்துக்கும் கொடுங்கள். அந்தச் சின்னச் சத்தங்களில்தான் அது உண்மையில் கற்றுக்கொள்கிறது. சரவெடி போல இடைவிடாமல் வரும்போது ஒவ்வொன்றுக்கும் கொடுக்க முடியாது. அப்போது சத்தம் தொடங்கியதும் ஒரு பிடி தீனியைத் தரையில் இறைத்துவிடுங்கள், அல்லது தயிர் தடவிய தட்டை நக்கக் கொடுங்கள். சத்தம் நின்றதும் தீனியையும் நிறுத்துங்கள்.

நாய்களின் நடத்தையை ஆராயும் ஸ்டெஃபனி ரீமர் 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பட்டாசுப் பயத்துக்கு என்னென்ன செய்து பார்த்தீர்கள், எது பலித்தது என்று 1,200க்கும் மேற்பட்ட நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டிருந்தார். சத்தத்தோடு தீனியையோ விளையாட்டையோ சேர்க்கும் இந்த முறையைக் கையாண்டவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பலன் இருந்ததாகச் சொன்னார்கள். இவை வளர்ப்பவர்களே சொன்னவை, சோதனைக்கூடத்தில் அளந்தவை அல்ல. இருந்தாலும் செலவில்லாத ஒரு முறை இப்படி முன்னால் நிற்பது என் அனுபவத்தோடும் ஒத்துப்போகிறது.

நான் கொடுத்துப் பார்த்தேன். வெடி வெடிக்கும்போது கோழித் துண்டைக்கூட முகர்ந்து பார்க்க மாட்டேன் என்கிறது. இப்போது என்ன செய்வது?

அது பிடிவாதம் இல்லை. மிகையான பயத்தில் உடல் ஓடவும் தப்பிக்கவும் தயாராகிவிடுகிறது. பசி அடங்கிவிடுகிறது. அந்த நிலையில் இருக்கும் நாய் எதையும் கற்றுக்கொள்ளாது. அதனால் தீனியை ஒரு அளவுகோலாகவும் பாருங்கள். வீட்டில் உங்களிடம் இருக்கும் அளவுகோல்களில் இதுதான் மிக நம்பகமானது.

வழக்கம்போல மெதுவாக வாங்கித் தின்றால் நிலைமை உங்கள் கையில் இருக்கிறது. வழக்கத்துக்கு மாறாக விரலோடு சேர்த்து வெடுக்கென்று பிடுங்கினால் பயம் ஏறிக்கொண்டிருக்கிறது. வாயில் வாங்கிக் கீழே போட்டுவிட்டாலோ, முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாலோ எல்லை நெருங்கிவிட்டது. கண்ணெதிரே இருப்பதைப் பார்க்கவே இல்லை என்றால் எல்லை தாண்டிவிட்டது.

பிடுங்கத் தொடங்கும்போதே உள்ளறைக்கு மாறுங்கள், கதவைச் சாத்துங்கள், அறைக்குள் மின்விசிறி அல்லது இசையின் ஒலியைக் கூட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வாங்கித் தின்ன ஆரம்பித்தால் தொடருங்கள். அப்படியும் மறுத்தால் தீனியை வாயில் திணிக்காதீர்கள், முகத்துக்கு முன் ஆட்டிக்கொண்டும் இருக்காதீர்கள். பக்கத்தில் இருந்தால் போதும். அன்றைக்குப் பயிற்சி முடிந்தது. மிஞ்சியிருப்பது இருட்டும் துணையும்தான்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளறையில், கதவு சாத்தி, துணைக்கு ஆள் இருந்தும் தீனி மறுக்கும் நாய்க்கு அடுத்த முறை மருந்து வேண்டும்.

மருந்து என்றாலே மயக்க மருந்துதானே? நாயை மயக்கிப் போடுவதற்கு மனம் வரவில்லை.

நாயை மயக்கிக் கிடத்துவது வேறு, அதன் பதற்றத்தைக் குறைப்பது வேறு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

அசெப்ரோமசின் என்ற பழைய மருந்து இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அது உடலைத் தளர்த்தும். நாய் எழுந்து ஓடாது, பார்க்க அமைதியாக இருக்கும். ஆனால் அதனால் பயம் குறைவதில்லை. சில நாய்களுக்குச் சத்தத்தின் மேலான கூச்சம் கூடவும் செய்யலாம். பயந்திருக்கும் நாயை அசையவும் முடியாமல் செய்வது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். பட்டாசுப் பயத்துக்கு இதை மட்டும் தனியாக எழுதித் தந்தால், வேறு வழி இருக்கிறதா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

பதற்றத்தையே குறைக்கும் மருந்துகள் உண்டு. டிராசோடோன், கபாபென்டின் போன்றவை மாத்திரை வடிவில் வரும். பொதுவாகச் சத்தம் தொடங்க ஓரிரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டியவை. டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்து ஜெல் வடிவில், நாய்களின் சத்தப் பயத்துக்கென்றே அனுமதி பெற்றது. அதைக் கையுறை அணிந்து கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே வைக்க வேண்டும். அது அங்கேதான் உறிஞ்சப்பட வேண்டும், நாய் விழுங்கிவிட்டால் பலன் குறைந்துவிடும். அதனால் கொடுத்த கையோடு தீனி கொடுக்காதீர்கள். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இமெபிடோயின் என்ற இன்னொன்றைப் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே தொடங்க வேண்டும். எது கிடைக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். எது பொருந்தும் என்பது உங்கள் நாயின் எடை, வயது, இதயம், கல்லீரல், ஏற்கெனவே தின்னும் மருந்துகள் இவற்றைப் பொறுத்தது. அதனால்தான் இங்கே அளவு எதுவும் எழுதவில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, முதல் மாத்திரையைப் பண்டிகை நாளில் கொடுக்காதீர்கள். ஒரு வாரமாவது முன்னதாக, அமைதியான ஒரு நாளில், நீங்கள் வீட்டில் இருக்கும்போது மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்துப் பாருங்கள். சில நாய்களுக்கு அந்த அளவு போதாது, சில தள்ளாடும், அபூர்வமாகச் சில நாய்கள் முன்னைவிட நிலைகொள்ளாமல் அலையும். அதைக் கண்டுபிடிக்க வேண்டிய நாள் பண்டிகை நாள் அல்ல. இரண்டு, வீட்டில் இருக்கும் மனிதர் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். மனிதர்களுக்கான சில கபாபென்டின் திரவங்களில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும், அது நாய்க்கு நஞ்சு.

மருந்து கொடுத்தாலும் உள்ளறையும் தீனியும் உண்டு. சொல்லப்போனால், பதற்றம் தணிந்ததால் தீனி வாங்க ஆரம்பிக்கும் நாய் அன்றிரவே நல்லதையும் கற்றுக்கொள்ளும்.

எங்கள் நாய் குரைக்கவில்லை, ஓடவில்லை. ஒரு மூலையில் அசையாமல் படுத்துக்கொள்கிறது. பயமில்லை என்றுதானே அர்த்தம்?

உறுதியாகச் சொல்ல முடியாது. பயந்த நாய் ஓடலாம், குரைக்கலாம், அல்லது உறைந்துபோகலாம். மூன்றாவது வகைதான் கண்ணில் படாமல் போகிறது.

ஓய்வாகப் படுத்திருக்கும் நாயின் உடல் தளர்ந்திருக்கும், ஒருபக்கமாகச் சாய்ந்து கால் நீட்டியிருக்கும், கண் சொக்கும். உறைந்த நாய் தலையைத் தாழ்த்தி, தசைகள் இறுகி, காதுகள் பின்னால் ஒட்டி, கண்கள் அகல விரிந்து இருக்கும். வால் வயிற்றோடு ஒட்டியிருக்கும். வெயிலோ ஓட்டமோ இல்லாமலே மூச்சிரைக்கும், எச்சில் ஒழுகும், தூக்கமில்லாமலே கொட்டாவி விடும், உதட்டை அடிக்கடி நக்கும். சந்தேகமாக இருந்தால் பிடித்த தீனியை மூக்கருகே நீட்டுங்கள். மேலே சொன்ன அளவுகோல் இங்கேயும் பயன்படும்.

வீட்டில் எந்த இடத்தில் வைப்பது? டிவியைச் சத்தமாக வைத்தால் போதாதா?

சுவர்கள் அதிகம், சன்னல்கள் குறைவு, தெருவிலிருந்து தள்ளியிருக்க வேண்டும். அப்படியோர் அறையை நீங்கள் தேடுவதற்கு முன்பே பெரும்பாலும் நாயே தேடி வைத்திருக்கும். கடந்த முறை எங்கே ஒளிந்தது என்று நினைத்துப் பாருங்கள். குளியலறை என்றால் குளியலறைதான். அதன் படுக்கையை அங்கே போடுங்கள், நீங்கள் உடுத்திய பழைய துணி ஒன்றையும், தண்ணீர்ப் பாத்திரத்தையும் வையுங்கள். மூச்சிரைக்கும் நாய்க்குத் தண்ணீர் நிறைய வேண்டும், அறையும் காற்றோட்டமாகக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். தடித்த திரையோ போர்வையோ போட்டுச் சன்னலை மறைத்தால் வெளிச்சம் மின்னுவது தெரியாது. பல நாய்கள் அந்த மின்னலைப் பார்த்ததுமே சத்தத்தை எதிர்பார்த்து விறைத்துப்போகும்.

நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். நமக்கு வெறும் விசிலாகக் கேட்கும் ராக்கெட்டில் அதற்கு இன்னும் நிறையக் கேட்கக்கூடும். அந்த மெல்லிய கீச்சொலியைச் சன்னலும் திரையும் ஓரளவு தடுத்துவிடும். ஆனால் குண்டு வெடிக்கும் 'தும்' என்ற ஆழ்ந்த ஒலி சுவரைத் தாண்டி வரும். அதை மறைக்கப் பேச்சு நிறைந்த டிவி நிகழ்ச்சி உதவாது, இடையிடையே அமைதி வந்துவிடும். மின்விசிறியின் இரைச்சல், மழை பெய்வது போன்ற தொடர்ந்த ஒலி, ஆழ்ந்த தாளமுள்ள இசை இவை மேல். காதைப் பிளக்கும் அளவு வேண்டாம், அது இன்னொரு தொல்லை. வெடி ஆரம்பித்தபின் திடீரென்று போடாமல், அரை மணி நேரம் முன்பே மெதுவாகத் தொடங்குங்கள். பண்டிகைக்கு முந்தைய நாட்களிலும் நாய் நிம்மதியாகத் தூங்கும் நேரத்தில் அதே ஒலியைப் போட்டுப் பழக்குங்கள். இல்லாவிட்டால் 'இந்த இசை வந்தால் வெடி வரும்' என்று புரிந்துகொண்டுவிடும்.

கூண்டில் வைத்துப் பூட்டாதீர்கள். கூண்டுக்குள் தூங்கிப் பழகிய நாயாக இருந்தாலும் கதவு திறந்தே இருக்கட்டும். பீதியில் கம்பியைக் கடித்துப் பல் உடைந்த நாய்களும், பறண்டி நகம் பெயர்ந்த நாய்களும் உண்டு. சத்தத்துக்காக அறைக் கதவைச் சாத்தினாலும், நாய் வெளியே போக விரும்பினால் திறந்துவிடுங்கள். இடம் மாறி ஒளிய அதற்கு வழி இருக்க வேண்டும். வெளியே தெருவுக்குப் போகும் கதவை மட்டும் பூட்டுங்கள்.

பண்டிகைக்கு இன்னும் மூன்று வாரம்தான். பதிவு செய்த வெடிச் சத்தத்தைப் போட்டுப் பழக்கலாமா?

ஏற்கெனவே கடுமையாகப் பயப்படும் நாய்க்கு மூன்று வாரம் போதாது. இந்தப் பயிற்சிக்கு மாதங்கள் வேண்டும், வெடிச் சத்தமே இல்லாத காலத்தில் செய்ய வேண்டும். நடுவில் நிஜ வெடி ஒன்று வெடித்தால் படிப்படியாக ஏற்றியது சரிந்துவிடும். அதுபோக, கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் அந்த ஆழ்ந்த 'தும்' வராது. கைப்பேசியில் கேட்டுப் பழகிய நாய் நிஜத்தில் நடுங்குவதற்கு அது ஒரு காரணம்.

மூன்று வாரத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு டைகரைச் சொல்கிறேன். ஐந்து வயது ஆண் நாய், 18 கிலோ. முந்தைய ஆண்டு மாலை ஏழு மணி முதல் நள்ளிரவு வரை குளியலறையில் நின்றபடியே நடுங்கியது, எதையும் தின்னவில்லை, மறுநாள் மதியம்தான் சிறுநீர் கழித்தது.

முதல் வாரத்தில் மருத்துவரைப் பார்த்தார்கள். தீனி மறுத்ததையும் எத்தனை மணி நேரம் நடுங்கியது என்பதையும் சொன்னதும், மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. இரண்டு மணி நேரம் கழித்து நாய் சற்றே தூக்கக் கலக்கத்தோடு இருந்தது, ஆனால் கூப்பிட்டால் வந்தது, தின்றது. அளவு சரி என்று அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதே நாட்களில் குளியலறையில் படுக்கையைப் போட்டு, மழை ஒலியை வைத்து, அங்கேயே சில துண்டுகள் கொடுத்துப் பழக்கினார்கள். வெடிச் சத்தப் பதிவு எதையும் போடவில்லை. வீட்டில் தற்செயலாக விழும் சத்தங்களுக்கு, பாத்திரம் விழுந்தாலோ கதவு அறைந்தாலோ, உடனே ஒரு துண்டு. டைகர் அவற்றுக்கு லேசாகத்தான் திடுக்கிடும், அதனால் அதற்குப் புரிந்தது.

பண்டிகை நாளில் காலையில் நீண்ட நடை. நான்கு மணிக்குச் சாப்பாடும் இன்னொரு சின்ன நடையும். ஐந்து மணிக்கு மாத்திரை, ஆறரைக்கு மழை ஒலி. ஏழு மணிக்கு முதல் வெடி வந்தபோது எழுந்து நின்றது, துண்டை வாங்கித் தின்றது. எட்டரை வரை ஒவ்வொன்றுக்கும் வாங்கியது. அதன்பின் பக்கத்திலேயே பெரிய வெடிகள் வெடிக்கத் தொடங்கியதும் மறுத்துவிட்டது. வீட்டுக்காரர் தீனியை நிறுத்திவிட்டு அதனோடு குளியலறைத் தரையில் உட்கார்ந்தார். நடுக்கம் இருந்தது, ஆனால் படுத்தது. பதினொன்றரைக்குத் தூங்கியது. மறுநாள் விடியற்காலையில் வெளியே போய் வந்தது.

பயம் போய்விட்டதா? இல்லை. ஐந்து மணி நேரப் பீதி மூன்று மணி நேரப் பயமாகியிருக்கிறது, அதற்குமுன் ஒன்றரை மணி நேரம் தின்றிருக்கிறது. முதல் ஆண்டுக்கு இது நல்ல முன்னேற்றம். பண்டிகை முடிந்து ஊர் அடங்கியபின் பதிவுகளை வைத்துப் பழக்கத் தொடங்கலாம். நல்ல ஒலிபெருக்கியில், நாயின் காது மட்டும் லேசாக அசையும் அளவுக்கு மெல்லிய ஒலியில் தொடங்க வேண்டும். அது கேட்டதும் தீனியை எதிர்பார்த்து உங்களைப் பார்க்கும்போதுதான் ஒலியை ஒரு படி ஏற்ற வேண்டும்.

உடலை இறுக்கிப் பிடிக்கும் சட்டை, காதில் பஞ்சு, அமைதிக்கான வாசனை, இவை பலிக்குமா?

சட்டை சில நாய்களுக்குக் கொஞ்சம் உதவுகிறது. முன்பு சொன்ன ஆய்வில் அதைப் பயன்படுத்தியவர்களில் 44 சதவீதம் பேர் பலன் இருந்தது என்றார்கள். சாதாரண நாளில் போட்டுப் பழக்குங்கள். போட்டதும் சிலைபோல நின்றுவிட்டால் அது அமைதியல்ல, அந்தச் சட்டை பிடிக்கவில்லை, கழற்றிவிடுங்கள். மூச்சிரைக்கும் நாய்க்கு அது சூட்டையும் கூட்டும். வாசனைப் பொருட்களையும் துணை மாத்திரைகளையும் நான் பெரிதாக நம்புவதில்லை. கெடுதல் இல்லை என்று மருத்துவர் சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். காதில் பஞ்சு வேண்டாம். ஆழமாகப் போய்விட்டால் எடுப்பது கடினம், பயந்த நாயின் தலையைப் பிடித்து அடைப்பதே பயத்தைக் கூட்டும்.

அன்றைக்கு வெளியே கூட்டிப் போகலாமா?

இருட்டுவதற்கு வெகு நேரம் முன்பே போய்விட்டு வாருங்கள். பல நாட்கள் வெடிக்கும் இடமென்றால் நேரத்தை அதற்கேற்ப மாற்றுங்கள். ஒருபோதும் அவிழ்த்துவிடாதீர்கள். பின்வாங்கித் தலையை உருவிக்கொள்ளக் கழுத்துப்பட்டை வழிவிடும். மார்பைச் சுற்றி வரும் ஹார்னஸ், கழுத்துப்பட்டை இரண்டையும் போட்டு இரண்டிலும் கயிற்றை மாட்டுவது பாதுகாப்பு. கைப்பேசி எண் எழுதிய பட்டயம் வீட்டுக்குள்ளும் கழுத்திலேயே இருக்கட்டும். மைக்ரோசிப் இருந்தால் அதில் பதிந்திருக்கும் எண் இன்றும் உங்களுடையதுதானா என்று முன்கூட்டியே சரிபாருங்கள். விருந்தினர் வந்து போகும்போது திறக்கும் கதவு வழியாகத்தான் நாய்கள் பெரும்பாலும் ஓடுகின்றன. யாராவது கதவைத் திறக்குமுன் நாய் இருக்கும் அறையைச் சாத்த ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

மூன்று மாதக் குட்டி. இதுவரை பயப்படவில்லை. ஏதாவது செய்ய வேண்டுமா?

ஆமாம், இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. தூரத்தில் வெடி கேட்கும்போதெல்லாம் ஒரு துண்டு தீனி, அல்லது சட்டென்று ஒரு விளையாட்டு. வீட்டுக்குள்ளிருந்தே செய்யுங்கள். வேடிக்கை காட்டப் பட்டாசு வெடிக்கும் இடத்துக்குத் தூக்கிச் செல்லாதீர்கள்.

எங்கள் நாய்க்கு எட்டு வயது. இத்தனை வருடம் பட்டாசைக் கண்டுகொள்ளாது. இந்த ஆண்டு திடீரென்று பயப்படுகிறது. ஏன்?

முதலில் வலியைச் சந்தேகியுங்கள். மூட்டிலோ முதுகிலோ வலி இருக்கும் நாய் சத்தத்தில் திடுக்கிடும்போது தசைகள் இறுகும், வலி கூடும். அது அந்த வலியைச் சத்தத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளும். படி ஏறத் தயங்குகிறதா, படுத்து எழும்போது சிரமப்படுகிறதா, தொட்டால் விலகுகிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். வலி இருந்து அதற்கு வைத்தியம் பார்க்காவிட்டால் இந்தப் பக்கத்தில் சொன்ன எதுவும் சரியாகப் பலிக்காது.

மறுநாள் காலையில் தெருவில் கிடந்த வெடிக்காத பட்டாசைக் கடித்துவிட்டது. என்ன செய்வது?

வாயில் மிச்சம் இருந்தால் எடுத்துவிட்டு, பட்டாசின் பெயரோ உறையோ கிடைத்தால் அதையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவர் சொல்லாமல் வீட்டில் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பட்டாசு மருந்தில் குளோரேட், நைட்ரேட், பச்சை நிறத்துக்காகச் சேர்க்கும் பேரியம் உப்பு போன்றவை இருக்கலாம். கரையக்கூடிய பேரியம் உடலில் ஏறினால் இரத்தத்தில் பொட்டாசியம் சரிந்து தசைகள் தளரும், இதயத் துடிப்பும் தாறுமாறாகும். வாந்தி, பேதி, எச்சில் ஒழுகுதல், தள்ளாட்டம் இவை தெரிந்தால் அவசரம். தெரியாவிட்டாலும் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று காத்திருக்காதீர்கள்.

பண்டிகை முடிந்து இரண்டு நாளாகிறது. இன்னும் மாலையில் வெளியே வர மாட்டேன் என்கிறது.

பெரும்பாலான நாய்கள் மறுநாளே தேறிவிடும், சிலவற்றுக்கு நாட்களாகும், இன்னும் சிலவற்றுக்கு வாரங்களும் ஆகலாம். கயிற்றைப் பிடித்து இழுக்காதீர்கள். காலையில், அமைதியான நேரத்தில், வாசல் வரை மட்டும் போய்த் தீனி கொடுத்துத் திரும்புங்கள். வாலைத் தளரவிட்டு அதுவே முகர்ந்து முன்னால் நடக்கும்போது தூரத்தைக் கூட்டலாம். மாலை நடையைச் சில நாள் வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட்டு, பிறகு சிறிது சிறிதாகப் பழைய நேரத்துக்கு நகர்த்துங்கள். சாப்பிடாமல் ஒரு நாளுக்கு மேல் போனாலோ, ஒரு வாரம் கழித்தும் சின்னச் சத்தத்துக்கெல்லாம் பதறினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். அப்போதே, எந்த மணிக்குத் தீனி மறுத்தது, எங்கே ஒளிந்தது, எத்தனை மணிக்குத் தூங்கியது என்பதையும் மறப்பதற்குள் எழுதி வையுங்கள். அடுத்த பண்டிகைக்கு மருந்தின் அளவையும் கொடுக்கும் நேரத்தையும் முடிவு செய்ய மருத்துவருக்கு அந்தக் குறிப்புகள் தேவைப்படும்.